வாரம் இரண்டு மணி நேரம்: பயிர்க் கேள்விக்கு ஒரு மேசை

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் உரக்கடை வாசலில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த இலை ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டுவார். கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைப்பார். அதோடு கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது. மருந்து கேட்டால் அவர் எடுத்து நீட்டுவார். இது என்ன நோய், மருந்து தேவையா என்று நிதானமாகச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, அதனால் அவருக்கு வருமானமும் இல்லை.

அதே தெருவில் வேளாண்மையோ தோட்டக்கலையோ பட்டம் முடித்த பிள்ளைகள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். இலையைப் பார்த்து நோயைச் சொல்ல அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியாது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க அதிகம் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரே நாள், ஒரே இடம், இரண்டு மணி நேரம். யார் வந்து கேட்டாலும் இலவசமாகப் பதில்.

இது புதிய யோசனை அல்ல. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் கோமராபா என்ற சிறு ஊரில் 2000-ஆம் ஆண்டு பயிர்களுக்கென்று இப்படி ஒரு இடத்தைத் தொடங்கினார்கள். அந்த நாட்டில் இத்தகைய மேசைகள் பெரும்பாலும் வாரச்சந்தை நாளில், சந்தை கூடும் இடத்திலேயே நடந்தன. நோய்ப்பட்ட செடியை விவசாயி கொண்டுவருவார், படித்தவர் பார்த்துச் சொல்வார், சொன்னதை எழுதியும் கொடுப்பார். இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கேபி' என்ற பன்னாட்டு அமைப்பு 2011 முதல் 'பிளாண்ட்வைஸ்' என்ற பெயரில் இதே முறையை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த அமைப்போடு சேர்ந்து இந்த முகாம்களை நடத்தியது. மேசைக்குப் பின்னால் உட்காருபவருக்குப் 'பயிர் மருத்துவர்' என்று பெயர்.

பெரிய நிறுவனம் செய்ததை நம் வீட்டுப் பிள்ளை தனியாகச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றை விட்டால் நான்கே வாரத்தில் மேசையை மடக்க வேண்டிவரும்.

இடமும் நேரமும்

பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துவிட்டுக் கம்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து "வாருங்கள்" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். தெரியாத வீட்டுப் படியேற விவசாயிக்குக் கூச்சம். கேள்விக்காக மட்டும் ஊருக்கு வர அவருக்கு நேரமும் இல்லை. ஆகவே அவர் வேறு வேலையாக வரும் இடத்தில்தான் மேசை இருக்க வேண்டும். கம்பத்தில் அப்படி ஓர் இடம் உழவர் சந்தைப் பக்கம். விடியுமுன் காய்கறியோடு வந்தவர்கள் விற்று முடித்து, டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற நேரம் பார்த்து, காலை எட்டரை முதல் பத்தரை வரை மேசை போடலாம். சந்தைக்கு உள்ளே உட்கார வேண்டுமானால் சந்தை நிர்வாக அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அருகிலுள்ள கடைத் திண்ணை என்றால் கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்டால் போதும்.

நாள் எதுவாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில் கடைசியாக வந்தவரை அரைகுறையாக அனுப்ப நேரிடும். செவ்வாய் என்று வைத்துக்கொண்டால் எல்லாச் செவ்வாயும் செவ்வாய்தான். யாருமே வராவிட்டாலும் பத்தரை வரை உட்கார வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர் வந்தாலே அதிகம். முதல் வாரம் மேசையைத் தாண்டிப் போனவர் மூன்றாம் வாரமும் அதே முகத்தை அதே இடத்தில் பார்த்த பிறகுதான் நான்காம் வாரம் இலையோடு வருவார். நடுவில் ஒரு வாரம் விட்டால், அன்றைக்கென்று ஐந்து கிலோமீட்டர் தாண்டி இலையைக் கொண்டுவந்தவர் மறுபடி வரமாட்டார். போக முடியாத வாரத்துக்கு முந்தின வாரமே சொல்லி, மேசையிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு. இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பேர். கூட்டம் சேர ஆரம்பித்ததும் எண் எழுதிய அட்டைகளைக் கொடுத்துவிடலாம். நேரத்தைச் சுருக்குவது கஞ்சத்தனம் இல்லை. முதலில் வந்தவரோடு முக்கால் மணி நேரம் பேசினால், பின்னால் நிற்கிற நான்கு பேர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

மேசைமேல் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், கூரான கத்தி, பிளாஸ்டிக் பைகள், பழைய செய்தித்தாள், கார்பன் தாள் வைத்து எழுதும் நோட்டு. மண்ணோடு பிடுங்கிய செடியைத் திறந்தபடி கொண்டுவர வேண்டாம், பையில் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சில நோய்கள் மண்ணோடு பரவும். பார்த்து முடித்த செடியைச் சந்தையில் வீசாமல் எடுத்துப்போய் எரித்துவிட வேண்டும்.

ஒரு கேள்வி, பத்து நிமிடம்

ஒரு பெரியவர் பன்னீர் திராட்சை இலையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் பள்ளத்தாக்கின் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு மாதங்களில் கவாத்து செய்வதால் இங்கே ஆண்டு முழுவதும் பழம் உண்டு. அதனால் ஏதாவது ஒரு தோட்டத்தில் இளந்தளிர் இருந்துகொண்டே இருக்கும். நோய்க்கும் ஓய்வு கிடையாது.

"சாம்பல் நோய் தாயி. கந்தகம் ரெண்டு தடவை அடிச்சுட்டேன், கேக்க மாட்டேங்குது. வேற என்ன மருந்து அடிக்கலாம்?" என்கிறார் அவர்.

இங்கே அவசரப்பட்டு வேறு மருந்தின் பெயரைச் சொன்னால், இந்த மேசைக்கும் கடைக்கும் வித்தியாசம் இல்லை. முதலில் கேட்க வேண்டியது, அது சாம்பல் நோய்தானா என்பதே. திராட்சையில் 'சாம்பல்' என்ற பெயரில் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று சாம்பல் நோய். அதில் இலையின் மேல்பக்கத்திலும் மாவு தூவினதுபோல் வெண்மை இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும். மற்றது அடிச்சாம்பல் நோய். அதில் மேல்பக்கம் எண்ணெய் சொட்டினதுபோல் மஞ்சள் திட்டு இருக்கும். அந்தத் திட்டுக்கு நேர் அடியில், இலையின் கீழ்ப்பக்கத்தில்தான் வெள்ளைப் பஞ்சு போலப் படரும். கந்தகம் முதல் நோய்க்குக் கேட்கும், இரண்டாவதற்குக் கேட்காது. பெயரில் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வகைக் கிருமிகள்.

"இலையைத் திருப்பிப் பாருங்க ஐயா. மேல மஞ்சளா இருக்கு, வெள்ளை அடியிலதானே இருக்கு?"

பெரியவர் லென்ஸை வாங்கிப் பார்க்கிறார். இப்படிப் பார்க்கவைப்பது முக்கியம். அடுத்த தடவை அவரே தோட்டத்தில் இலையைத் திருப்பிப் பார்ப்பார்.

மஞ்சள் திட்டு மட்டும் இருந்து அடியில் வெள்ளை தெரியாவிட்டால் என்ன செய்வது? அப்போது ஊகித்துச் சொல்லக் கூடாது. திட்டுள்ள இலைகள் இரண்டைப் பறித்து, ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, இரவு முழுவதும் வீட்டுக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். அடிச்சாம்பல் என்றால் காலையில் திட்டுக்கு அடியில் வெண்பஞ்சு பூத்திருக்கும். "நாளைக்குப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்" என்று அனுப்பலாம். அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மூன்றாவது தடவையும் தவறான மருந்துக்குச் செலவழிப்பதைவிட இது மேல்.

நோய் உறுதியானபின் ஆலோசனை. அடிச்சாம்பலுக்கு நெடுநாளாகப் பயன்படுவது ஒரு சதவீதப் போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பைத் தனியாக ஐம்பது லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண்பானையோ பிளாஸ்டிக் தொட்டியோதான் பயன்படுத்த வேண்டும். தீட்டின இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்து எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றைக்கே அடித்துவிட வேண்டும். பழம் முதிரும் சமயத்தில் அடித்தால் குலையில் கறை படியும், ஆகவே அப்போது தவிர்க்க வேண்டும். இது வருமுன் காப்பது. ஏற்கெனவே நோய் விழுந்த இலையை இது பச்சையாக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், "அந்தப் பெண் சொன்ன மருந்தும் கேக்கலை" என்றுதான் பேச்சு வரும்.

பிறகு எழுதிக் கொடுப்பது. தேதி, ஊர், பயிர், ரகம், என்ன பார்த்தோம், என்ன நோய், என்ன செய்ய வேண்டும், எப்போது மறுபடி காட்ட வேண்டும். மருந்து எழுதினால் கம்பெனிப் பெயர் வேண்டாம். அதில் உள்ள மூலப்பொருளின் பெயரும் அளவும் மட்டும். ஒரு தாள் அவருக்கு, கார்பன் பிரதி நோட்டில். வாயால் சொன்னது சந்தையைத் தாண்டுமுன் மாறிப்போகும். தாள் என்றால் வீட்டுக்குப் போகும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கைக்கும் போகும். படித்ததைக் காட்ட இதைவிட நல்ல விளம்பரப் பலகை கிடையாது.

"மருந்து இல்லை" என்று சொல்லும் கேள்வி

எல்லாக் கேள்வியும் இப்படி முடிவதில்லை. ரஸ்தாளி வாழை போட்ட ஒருவர் வருகிறார். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, பாவாடை போல மரத்தைச் சுற்றித் தொங்குகின்றன என்கிறார். கிழங்கை வெட்டிக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் இருக்கின்றன. இது வாழை வாடல் நோய், பனாமா நோய் என்றும் சொல்வார்கள். விழுந்துவிட்ட மரத்தைக் காப்பாற்றும் தெளிப்பு மருந்து எதுவும் இல்லை.

இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். கடைக்குப் போனால் ஏதாவது ஒரு டப்பா கிடைத்துவிடும், அவருக்கும் ஏதோ செய்த நிம்மதி இருக்கும். மேசையில் இருப்பவர் சொல்ல வேண்டியது வேறு. வாடின மரத்தைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே அழியுங்கள். குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்தத் தோட்டத்திலிருந்து கன்று எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் நடாதீர்கள். அங்கே வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். ஆகவே அடுத்த தடவை அதே நிலத்தில் ரஸ்தாளியோ செவ்வாழையோ வேண்டாம். பூவன் போன்ற தாங்கும் ரகத்தையோ வேறு பயிரையோ யோசியுங்கள்.

இந்தப் பதிலால் அவர் அன்றைக்குச் சந்தோஷமாகப் போகமாட்டார். ஆனால் வீணாகப் போக இருந்த மருந்துச் செலவு மிஞ்சும், பக்கத்துத் தோட்டமும் தப்பும். ஆறு மாதம் கழித்து, "அன்னைக்கு உள்ளதைச் சொன்னது அந்தப் பிள்ளை மட்டும்தான்" என்று அவரே நாலு பேரிடம் சொல்வார்.

தெரியாத கேள்வியும் வரும். நம் ஊரிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஏலக்காய்ச் செடியைப் பற்றிக் கேட்பார்கள். மலையில் வேலை செய்து பழகாதவர் அதற்குப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் வாசனைப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே அனுப்ப வேண்டும். திராட்சையில் சிக்கலானவற்றுக்கு ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம், வாழைக்குத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், மற்றவற்றுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. யாரிடம் போக வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அதுவும் ஒரு முழுப் பதில்தான்.

இலவசம் எங்கே முடிகிறது

மேசையில் கேட்பது இலவசம், தோட்டத்துக்கு வந்து பார்ப்பதற்குக் கட்டணம். இந்தக் கோட்டை முதல் நாளே கிழித்து, மேசையில் எழுதியே வைக்க வேண்டும். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், தெரிந்தவர் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அரை நாள் தோட்டத்தைச் சுற்றவைத்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அனுப்பிவிடுவார். அவர்மேல் தப்பில்லை, கோடு எங்கே இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. போனும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை மேசைக்கு வந்தவர் அதே பயிரைப் பற்றி ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். படம் மட்டும் அனுப்பி மருந்து கேட்பவரை மேசைக்கு வரச் சொல்ல வேண்டும். படத்தில் இலையைத் திருப்பிப் பார்க்க முடியாது.

இன்னொரு கோடு மருந்துக் கடைப் பக்கம். கூட்டம் சேர்ந்ததும் யாராவது ஒருவர், "என் கடைக்கு அனுப்பு, நூற்றுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று வருவார். அதை வாங்கிய அன்றைக்கே மேசையின் மதிப்பு போய்விடும். பணம் கைமாறியது வெளியில் தெரியாவிட்டாலும், தாளில் ஒரே கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வருவதை விவசாயி கவனிப்பார். அதற்காகக் கடைக்காரரைப் பகைக்கவும் வேண்டாம். மூலப்பொருளின் பெயரும் அளவும் எழுதின தாளோடு ஆள் வந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

வருமானம் எங்கிருந்து வரும்? மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியோடு போய்விடுவார்கள், அதுதான் இயல்பு. சிலர் கவாத்து முதல் அறுவடை வரை மாதம் இரண்டு தடவை வந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் பயிரின் நிலையைப் பார்த்து எழுதி அனுப்ப நம்பகமான ஒருவரைத் தேடும். மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த முடிவை விளக்கிச் சொல்லும் வேலையும் உண்டு. இப்படி வேலை சேர்ந்தபின் நிலையான ஒரு மையமாக வைக்க நினைப்பவர்களுக்கு, மத்திய வேளாண் அமைச்சகம் 2002-இல் தொடங்கிய வேளாண் மருத்துவ மையத் திட்டம் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் இலவசப் பயிற்சி அதில் உண்டு. ஆனால் பயிற்சி முடித்துக் கடையைத் திறந்த பிறகு ஆளைத் தேடுவதைவிட, ஓராண்டு மேசையில் உட்கார்ந்து ஆளைத் தெரிந்துகொண்டபின் பயிற்சிக்குப் போவது நல்லது.

பலிக்கிறதா என்று பார்ப்பது எப்படி

எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும் கணக்கல்ல. நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும். "யார் சொல்லி வந்தீர்கள்?" என்பது ஒன்று. "போன தடவை சொன்னதைச் செய்தீர்களா, என்ன ஆயிற்று?" என்பது மற்றது.

முதல் கட்டத்தில் தொடக்கத்தில் சொந்தக்காரர் பெயர்களும் தெருக்காரர் பெயர்களும்தான் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் ராயப்பன்பட்டிக்காரர் சொன்னார், கூடலூர்க்காரர் சொன்னார் என்று தெரியாத பெயர்கள் வர ஆரம்பித்தால் மேசை வேர்பிடித்துவிட்டது. ஆறு மாதமாகியும் தெரிந்த பெயர்களே இருந்தால் இடமோ நேரமோ சரியில்லை. அப்போது மாற்ற வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது கட்டம் இன்னும் முக்கியம். அங்கே "கேக்கலை" என்று வந்தால் மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும். நோயைத் தவறாகச் சொன்னோமா, நோய் சரியாக இருந்து அளவு தவறியதா, அவர் செய்யவே இல்லையா என்று பழைய கார்பன் தாளை எடுத்துப் பார்த்தால் தெரியும். தவறு நம்முடையது என்றால் அவரிடம் அதைச் சொல்லி, கட்டணம் வாங்காமல் ஒரு தடவை தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். ஓராண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டினால் எந்த ஊரில் எந்த மாதம் எந்த நோய் வந்தது என்பது வரிசையாக இருக்கும். அடுத்த ஆண்டு அந்த மாதம் வருவதற்கு முந்தின செவ்வாயே, மேசைக்கு வருகிறவர்களிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம்.